தானாக விழும் ‘செலுத்தப்பட்டது’

ரேசர்பே நிறுவனம் வழங்கும் கட்டண இணைப்பு, அதாவது பணம் செலுத்துவதற்காக வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பப்படும் இணைய முகவரி, கடையின் ஆர்டர் எண்ணை `reference_id` என்ற இடத்தில் தன்னோடு சுமந்து செல்வதில்தான் அதன் நயம் இருக்கிறது. 1,850 ரூபாய்ச் சேலைக்கான 1047ஆம் ஆர்டருக்கு இணைப்பு உருவாக்கும்போது தொகை பைசாக் கணக்கில் 185000 என எழுதப்படுகிறது. இரண்டு சுழியை மறந்தவர் அச்சேலையைப் பதினெட்டரை ரூபாய்க்கு விற்றவராவார்.

பணம் செலுத்தியவரின் திரை கடையின் நன்றிப் பக்கத்துக்குத் திரும்புவதை நம்பி ஆர்டரை முடிப்பது பிழை, ஏனெனில் யுபிஐ செயலியில் பணம் கட்டியவர் உலாவிக்குத் திரும்பாமலே போய்விடலாம். ஆகவே நிறுவனத்தின் சேவையகம் கடையின் சேவையகத்துக்கு நேரடியாக அனுப்பும், வெப்ஹூக் எனப்படும் அறிவிப்பே சான்றாகிறது. `payment_link.paid` என்ற பெயரில் வரும் அந்த அறிவிப்பின் கையொப்பத்தை, இரு தரப்புக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சொல்லைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டு, தொகையும் பொருந்திய பின்னரே 1047 ‘செலுத்தப்பட்டது’ என மாறுகிறது. உரிய பதில் கிடைக்காவிடில் அதே அறிவிப்பு மீண்டும் வரும் என்பதால், முன்பே மாறிவிட்ட ஆர்டரை இரண்டாம் அறிவிப்பு தொடாதபடி நிரல் எழுதப்பட வேண்டும். அதைக் கவனியாத கடையில் ஒரே சேலைக்கு இரண்டு பார்சல் சீட்டுகள் அச்சாகிக் கிடக்கும்.