கீழிருந்து மேலே போகும் தாள்

கான்கிரீட் தளம் போடும் முன் கையெழுத்தாகும் சரிபார்ப்புத் தாள்களில் பல, ‘சென்ட்ரிங் சரி, கம்பி சரி’ என்று டிக் அடிக்க மட்டுமே இடம் தருகின்றன. நான் ரசிக்கும் தாள் வேறு மாதிரி. ஆய்வு செய்பவர் நடக்கும் வழியிலேயே அதுவும் நடக்கும். முதலில் தளத்துக்கு அடியில், பிறகு பலகைமேல், பிறகு கம்பிக்குள். ஒவ்வொரு வரியிலும் ஓர் அளவைக் கேட்கும். காலடியில் கடற்களிமண்ணும் காற்றில் உப்பும் உள்ள போர்ட் கிள்ளானில் அத்தாளின் அருமை நன்றாகத் தெரியும்.

முதல் வரி முட்டுகளைப் பற்றியது. 150 மில்லிமீட்டர் தளத்தின் ஈரக் கான்கிரீட், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 கிலோ. ஆட்களின் எடையும் கருவிகளின் எடையும் தனி. முதல் தளத்துக்கான முட்டுகள் வெறும் மண்ணில் நின்றால், கிள்ளானின் மென்களிமண் அந்தச் சுமையில் மெல்ல அமுங்கும். கான்கிரீட் இறுகும்போது தளம் தொய்வோடு இறுகிவிடும். அதனால் ‘முட்டு நேராக உள்ளதா’ என்பதோடு நல்ல தாள் நிற்பதில்லை. ‘முட்டின் அடியில் அகலமான பலகை உண்டா, நேற்றைய மழைக்குப் பின் ஆப்புகள் தளர்ந்தனவா’ என்றும் கேட்கும். பலகை இணைப்பில் வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகச் சிமெண்டுப் பால் ஒழுகும். ஒழுகிய இடத்தில் ஜல்லி மட்டும் தேன்கூடாக நிற்கும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் அது தெரிந்துவிடும்.

அடுத்தது கவர், அதாவது கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையிலான கனம். உப்பும் ஈரமும் கம்பியை எட்டாமல் காப்பது அதுதான். உடைந்த கல்லும் மரத்துண்டும் கவர் பிளாக் ஆகா. வலுவான கான்கிரீட் கட்டைகளை ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் வைக்க வேண்டும். மேல் கம்பிக்குத் தனியாகச் ‘சேர்’ வேண்டும். பலகைக்கு எண்ணெய் பூசுவது கம்பி விரிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எண்ணெய் பட்ட கம்பியைக் கான்கிரீட் சரியாகப் பற்றாது.

இந்தத் தாளின் உண்மையான நுட்பம் மின்குழாய் வரியில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தளம் 150 மில்லிமீட்டர், கவர் இருபுறமும் 25. அடியில் 12, 10 கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக, மேலேயும் அப்படியே. அடி வலையின் உச்சி 47இல். மேல் வலையின் அடிப்பகுதி 103இல். நடுவே மிஞ்சுவது 56. 25 மில்லிமீட்டர் குழாய்கள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று கடந்தால் 50, இடம் போதும். மூன்றாவது அதே இடத்தில் ஏறினால் 75. குழாய்கள் மேல் வலையை 19 மில்லிமீட்டர் தூக்கிவிடும். மேலே கவர் 6 மட்டுமே மிஞ்சும். காலையில் 25 என்று அளந்து எழுதியது பொய்யல்ல. ஆனால் மாலையில் அது உண்மையாக இராது.

கடலைப் பார்த்த திறந்த பால்கனிக்கு வரைபடம் 40 கவர் கேட்கிறது என்று வையுங்கள். அதே 150 தளத்தில் இரு வலைகளுக்கும் நடுவே மிஞ்சுவது 26. அங்கே ஒரு குழாயே இழுபறி. இரண்டு கடக்கவே கூடாது. உப்புக்காற்றுக்காக நாம் கூட்டும் கவர், குழாயின் இடத்தை அப்படியே தின்கிறது. ஆகவே போர்ட் கிள்ளான் தாளில் ‘குழாய்கள் எந்த இடத்தில், எத்தனை அடுக்காகக் கடக்கின்றன’ என்ற வரி தனியாக வேண்டும். அதன் கீழே ‘குழாய் வேலை முடிந்த பின் கவர், மறுபடி’ என்ற வரியும் வேண்டும். ஒரே அளவை இருமுறை கேட்கும் தாளைக் கண்டால் அதை எழுதியவர் தளத்தில் நின்றவர் என்று நம்பலாம்.

கடைசியில் துப்புரவு. கட்டுக்கம்பியின் நறுக்குகளைக் காந்தத்தால் பொறுக்காவிட்டால், தளத்தின் அடிமுகத்தில் பழுப்புத் துருப்புள்ளிகளாக அவை வெளிவரும். மரத்தூளையும் உணவுப் பொட்டலத்தையும் காற்றடித்து, தாழ்ந்த மூலையில் விட்ட துளை வழியே வெளியேற்ற வேண்டும். பல நாள் உப்புக்காற்றில் கிடந்த கம்பியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பிற்பகல் மழை கொட்டினால் தேங்கிய நீரை வடித்து, முட்டில் தொடங்கி மீண்டும் ஒரு சுற்று.

தளப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் தாளில் ‘சரி’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு மில்லிமீட்டர் எழுதும் கட்டம் வையுங்கள், கடைசிக் குழாய்க்காரர் தளத்தைவிட்டு இறங்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.