திரையில் 1500, டியூபுக்குள் 1085

எங்கள் லேபுக்குப் புது சென்ட்ரிஃபியூஜ் வந்து ஆறு வாரம் ஆகிறது. மேசைமேல் வைக்கிற ரகம். உச்ச வேகம் 5000 ஆர்.பி.எம். கூடவே இரண்டு ரோட்டர் கொடுத்தார்கள். ஒன்று எட்டு டியூப் பிடிக்கும் ஸ்விங் அவுட். இன்னொன்று பன்னிரண்டு டியூப் பிடிக்கும் ஃபிக்ஸட் ஆங்கிள். சத்தம் குறைவு, மூடி பூட்டிக்கொள்கிறது, சுழன்று நிற்கும் வரை திறக்காது. இதெல்லாம் இந்த விலையில் வரும் எல்லா இயந்திரத்திலும் உண்டு. இதை வாங்கத் தூண்டியது முன்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு பட்டன்தான். அதை அழுத்தினால் திரையில் RPM என்பது RCF என்று மாறும். ரத்தம் உறைதல் பரிசோதனைக்கு வரும் நீல மூடி டியூப்களை இனி சரியாகச் சுழற்றலாம் என்று நம்பி வாங்கினோம். அந்த பட்டனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: “3000 ஆர்.பி.எம்., 10 நிமிடம்.” யார் எழுதியது, எந்த இயந்திரத்துக்கு எழுதியது என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் பார்த்துச் சுழற்றினேன். அதில் உள்ள குறை எளிமையானது. ஆர்.பி.எம். என்பது மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டுமே. டியூபுக்குள் இருக்கும் ரத்த அணுவுக்கு எவ்வளவு தள்ளு கிடைக்கிறது என்பது, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. திருவிழா ராட்டினத்தில் உள்வட்டக் குதிரையும் வெளிவட்டக் குதிரையும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்று முடிக்கின்றன. ஆனாலும் வெளியே உட்கார்ந்தவன்தான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அந்தத் தள்ளு பூமியின் ஈர்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்வதுதான் ஜி கணக்கு. கணக்கிடும் வழி இது:

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × rpm²
rpm = √( RCF ÷ (1.118 × 10⁻⁵ × r) )
```

இதில் r என்பது அச்சின் மையத்திலிருந்து உள்ள தூரம், சென்டிமீட்டரில். முன்னால் நிற்கும் அந்த விசித்திரமான எண்ணில் மர்மம் ஒன்றும் இல்லை. நிமிடச் சுற்றை நொடிக் கோணமாக மாற்ற 2π-ஐ 60-ஆல் வகுத்து, அதை வர்க்கமாக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 980.665-ஆல் வகுத்தால் அதுவே வரும்.

பழைய இயந்திரத்தில் டியூபின் அடி அச்சிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் இருந்தது. 3000 சுற்றுக்கு 1006 ஜி. புது இயந்திரத்தின் ஸ்விங் அவுட் ரோட்டருக்கு ஆரம் 14.5 செ.மீ. அதே 3000 சுற்றுக்கு 1459 ஜி. சுவரில் ஒரே தாள், ஆனால் கிடைக்கும் தள்ளு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்தத் தாளை இன்னொரு லேபுக்கு அனுப்பினால் அவர்கள் ரோட்டருக்கு அது வேறொரு எண்ணாகிவிடும். உறைதல் பரிசோதனைக்கான சி.எல்.எஸ்.ஐ. வழிகாட்டி வேகத்தைச் சொல்லாமல் 1500 ஜி, குறைந்தது 15 நிமிடம் என்று சொல்வது இதனால்தான். ஜெல் டியூப் பெட்டிக்குள் வரும் தாளிலும் ஜி-யில்தான் எழுதியிருக்கும்.

வேகம் வர்க்கமாக வருகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆரத்தில் பத்து சதவீதம் பிசகினால் ஜி-யும் பத்து சதவீதம்தான் பிசகும். வேகம் பத்து சதவீதம் குறைந்தால் ஜி 19 சதவீதம் குறையும். பழைய இயந்திரத்தின் ரோட்டரில் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, மூடியில் உள்ள துளை வழியாக டேக்கோமீட்டரைக் காட்டியபோது, குமிழ் 3000-இல் இருக்க, உண்மையில் ஓடியது 2760. அதாவது 850 ஜி சுற்றுவட்டாரம். இத்தனை வருடம் அதில்தான் பிளாஸ்மா பிரித்திருக்கிறோம் என்பது எனக்கு வலித்தது. புது இயந்திரம் இந்தச் சோதனையில் அழகாகத் தேறியது. 3040 என்று வைத்தால் டேக்கோமீட்டர் 3036-க்கும் 3045-க்கும் நடுவே நின்றது. எட்டு டியூப் ஏற்றினாலும் இரண்டு டியூப் ஏற்றினாலும் அதேதான். மோட்டாரில் குறை இல்லை.

சிக்கல் இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. காலையில் கூட்டம் அதிகம் என்று உடன் வேலை செய்யும் அக்கா ஸ்விங் அவுட்டைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு டியூப் ரோட்டரை மாட்டினார். திரையில் 1500 இருந்தது; 15 நிமிடம் ஓடியது. பிளாஸ்மா பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வாரம் ஒருமுறை செய்கிற வழக்கப்படி, மேல் பிளாஸ்மாவை எடுத்து செல் கவுன்ட்டரில் பிளேட்லெட் எண்ணிப் பார்த்தேன். மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருக்க வேண்டியது 16,000, 19,000 என்று வந்தது. அவ்வளவு கீழான எண்ணில் கவுன்ட்டர் கொஞ்சம் தடுமாறும் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டினேன். எண் இறங்கவில்லை.

“அக்கா, RPM பட்டனை அழுத்துங்க” என்றேன். திரையில் 3040 என்று வந்தது. ஃபிக்ஸட் ஆங்கிள் ரோட்டரின் ஆரம் 10.5 செ.மீ.தான். அதில் 1500 ஜி வேண்டுமென்றால் 3570 சுற்றாவது ஓட வேண்டும். 3040-க்குக் கிடைப்பது 1085 ஜி. மெனுவில் ROT 1 என்று இருந்ததை ROT 2 என்று மாற்ற மறந்துவிட்டார். இந்த இயந்திரத்துக்கு எந்த ரோட்டர் மாட்டியிருக்கிறது என்று தானாகத் தெரியாது. ஜி-யை அது அளக்கவில்லை. தன் நினைவில் இருக்கும் ஆரத்தை வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அக்காவின் மறதி என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ரோட்டரைக் கழற்றி மாட்டினால் “எந்த ரோட்டர்?” என்று ஒரு கேள்வி கேட்கும்படி செய்திருந்தாலே போதும். ரோட்டரைத் தானாக அடையாளம் காணும் இயந்திரங்கள் சந்தையில் உண்டு. இதைவிட விலை அதிகம்.

பிளாஸ்மாவில் கொஞ்சம் பிளேட்லெட் மிஞ்சினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஹெப்பாரின் ஊசி போகிற நோயாளிக்கு ஏ.பி.டி.டி. பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்லெட்டுக்குள் இருக்கும் பி.எஃப்.4 என்ற புரதம் வெளியே கசிந்து ஹெப்பாரினைப் பிடித்து முடக்கும். உறையும் நேரம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மருந்து போதவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டக்கூடும். பிளாஸ்மாவை ஃப்ரீசரில் உறையவைத்துப் பிறகு பார்ப்பதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மிஞ்சிய பிளேட்லெட்டுகள் உடைந்து அவற்றின் பாஸ்போலிப்பிட் முழுதும் பிளாஸ்மாவில் கலந்துவிடும். அன்றைய பன்னிரண்டு டியூப்களையும் ROT 2 வைத்து மறுபடி சுழற்றவில்லை. சுழற்றிய டியூபை இரண்டாவது முறை சுழற்றுவதைவிட, பிளாஸ்மாவை மட்டும் பிளாஸ்டிக் டியூபுக்கு மாற்றிச் சுழற்றுவது பத்திரம். அப்படித்தான் செய்தோம்.

அன்றிலிருந்து இயந்திரம் சொல்லும் ஆரத்தையும் நம்பாமல் நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். ஃபிக்ஸட் ஆங்கிளில் அச்சின் மையத்திலிருந்து குழியின் அடிவரை அளந்தால் 10.5, கையேட்டோடு சரியாக ஒத்தது. ஸ்விங் அவுட்டை அளக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். நிற்கும்போது பக்கெட்டுகள் கீழ்நோக்கித் தொங்கும். ஓடும்போது சங்கிலி ராட்டினத்தின் இருக்கைகள் மாதிரி வெளியே எழும்பிப் படுத்துவிடும். அதனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பக்கெட்டைக் கையால் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து, உள் அடிவரை அளக்க வேண்டும். எனக்கும் 14.5 வந்தது. ஆனால் எங்கள் டியூபின் நீளம் 75 மி.மீ. அது உள்ளே அமிழ்ந்துவிடாமல் இருக்க பக்கெட்டின் அடியில் ஒரு ரப்பர் மெத்தை போடுகிறோம். அதன் உயரம் 1.5 செ.மீ. ஆக டியூபின் அடி இருப்பது 13 செ.மீ.-இல். திரை 1500 காட்டும்போது அங்கே கிடைப்பது 1343 ஜி. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்லவேளையாக மெனுவில் R என்ற இடத்தில் ஆரத்தை மாற்ற முடிகிறது. 13.0 என்று மாற்றியதும் இயந்திரம் தானாக 3210 சுற்றுக்கு ஏறியது. அதற்குப் பிறகு எண்ணிய பிளாஸ்மாக்களில் பிளேட்லெட் 5,000-இலிருந்து 7,000-க்குள் இருக்கிறது.

இன்னொன்று. டியூபின் அடிக்குத்தான் 1500. பிளாஸ்மாவின் மேல்மட்டம் அச்சுக்கு ஆறு செ.மீ. நெருக்கமாக, 7 செ.மீ.-இல் இருக்கிறது, அங்கே தள்ளு ஏறக்குறைய 800 ஜி-தான். குறிப்பேதும் இல்லாமல் ஜி என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது அடியில் உள்ள உச்ச ஆரத்துக்கான கணக்கு. சில செய்முறைகளில் நடு ஆரத்தை எடுத்திருப்பார்கள். எந்த ஆரம் என்று எழுதாத செய்முறையை நான் உச்ச ஆரமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஜி சரியாக இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. ஃபிக்ஸட் ஆங்கிளில் பிளேட்லெட் சாய்ந்த சுவரில் படியும். டியூபை நிமிர்த்தும்போது கொஞ்சம் வழுக்கிக் கலங்கும். ஜெல் டியூபில் ஜெல் சரிவாக உட்கார்வதும் இந்த ரோட்டரில்தான். பிரேக்கும் கவனிக்க வேண்டியது. இதில் 0 முதல் 9 வரை வைக்கலாம்; 9-இல் வைத்தால் இருபது நொடியில் நின்றுவிடும், ஆனால் அடுக்கின் விளிம்பு கலங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீல மூடிக்கு 0 வைத்திருக்கிறோம். நிற்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது, ஆகட்டும். நேரக் கணக்கில் இந்த இயந்திரத்தைப் பாராட்ட வேண்டும். வைத்த வேகத்தை எட்டிய பிறகுதான் 15 நிமிடம் ஓட ஆரம்பிக்கிறது. பொத்தானை அழுத்தியதுமே எண்ணத் தொடங்கும் இயந்திரங்களில் ஏறும் நேரமும் அதிலேயே கழிந்துவிடும்.

வாங்கலாமா? ஒரே ரோட்டரை மாட்டி அப்படியே வைத்திருக்கும் லேப் என்றால் தாராளமாக வாங்கலாம். வேகம் நம்பகமானது, R-ஐ மாற்ற முடிகிறது. இரண்டு ரோட்டரையும் மாற்றி மாற்றி மாட்டும் இடத்தில், ஆரத்தைத் தானாக அறியும் இயந்திரத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதையே சொல்வேன். எங்களால் இப்போது அது முடியாது. அதனால் ஒவ்வொரு ரோட்டரின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். ஸ்விங் அவுட்டில்: “ROT 1, R 13.0, நீல மூடி 1500 ஜி, திரையில் 3210 வர வேண்டும்.” ஃபிக்ஸட் ஆங்கிளில்: “ROT 2, R 10.5, 1500 ஜி, திரையில் 3570 வர வேண்டும்.” ஓடத் தொடங்கியதும் ஒருமுறை RPM பட்டனை அழுத்தி, சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் அக்கா அடுத்த டியூபை எடுக்கிறார். சுவரில் இருந்த பழைய தாளைக் கிழித்துவிட்டோம்.