இரட்டை வழக்கும் ‘கொச்சை’ என்னும் கருத்தும்

தமிழின் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலுள்ள தொலைவைப் பேசுவோரின் சோம்பலுக்கு உரியதாக்குவது நெடுநாளைய பழக்கம். ‘இலை’ என்பதை ‘எலை’ என ஒலிப்பது கொச்சை எனப்படுகிறது. இவ்விளக்கம் மொழியின் நடப்போடு பொருந்தவில்லை.

விலை, நிலம், குடம், உடம்பு ஆகியன பேச்சில் வெலை, நெலம், கொடம், ஒடம்பு என்றாகின்றன. முதலசையின் குறில் இகர உகரங்களை அடுத்து ஒற்றை மெய்யும் அதன்பின் அகரமோ ஐகாரமோ வரும்போது அவை எகர ஒகரமாகின்றன. மெய் இரட்டித்தால் மாற்றமில்லை. ‘இல்லை’, ‘குட்டை’ ஆகியவற்றை எவரும் ‘எல்லை’, ‘கொட்டை’ என்பதில்லை. அடுத்த உயிர் இகரமாயினும் மாற்றமில்லை; கிளி கிளியே, குடி குடியே. இத்துணை நுட்பமான வரையறையைச் சோம்பல் வகுக்க இயலாது. இலை கன்னடத்தில் ‘எலெ’, விலை ‘பெலெ’ என்றிருப்பதும் நோக்கத்தக்கது.

எனினும் எழுத்து ஏன் இம்மாற்றத்தை ஏற்கவில்லை? சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்குக் கோட்பாடு இங்கே துணை செய்கிறது. ஒரே சமுதாயத்தில் ஒரு மொழியின் இரு வடிவங்கள் பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. உயர் வழக்கு கல்வியாலும் இலக்கணத்தாலும் பெறப்படுவது; அன்றாட உரையாடலுக்கு எவரும் அதனைப் பயன்படுத்துவதில்லை. தாழ் வழக்கே தாய்மொழியாக வாய்க்கிறது. (‘தாழ்’ என்னும் சொல் பணிநிலையைக் குறிப்பதேயன்றித் தரத்தைக் குறிப்பதன்று; தமிழாக்கத்தில் அது இழிவுப் பொருளையும் உடன்கொணர்வது வருந்தத்தக்கது.) அரபு, புதுக் கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகியவை அவர் விரித்துரைத்த நான்கு சான்றுகள். தமிழ் அந்நான்கனுள் இல்லையாயினும் பிற்காலத்தில் சிறந்த சான்றாக ஆராயப்பட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் போன்ற இலக்கணங்களால் நிலைபெற்ற உயர் வழக்கு பெரிதும் நின்ற நிலையிலே நிற்க, வீட்டு மொழி தன் போக்கில் மாறிற்று. நாள்தோறும் பேசப்படாத வடிவத்தை மாற்றும் விசை வேறெங்கிருந்தும் எழவில்லை.

இரு வழக்குகளும் தனித்தனி அறைகளில் அடைபட்டவையும் அல்ல. ‘சிவப்பு’ செவப்பாகும், ‘சிவன்’ செவனாவதில்லை. ‘ஒலகத்துல’ என்று பேசுபவரே ‘உலக வங்கி’ என்கிறார். உயர் வழக்கிலிருந்து பேச்சினுள் வந்த சொல் தன் ஒலியைக் காத்துக்கொள்ளுதல் இயல்பு. ஃபெர்குசனின் இருமுனைப் பாகுபாட்டில் இவ்விடைநிலைகளுக்கு உரிய இடம் போதவில்லை.

இதன் விளைவு வகுப்பறையில் புலப்படும். குடை, கொடை இரண்டும் பேச்சில் ‘கொட’ என்றே ஒலிக்கும். செவியை நம்பி எழுதும் மாணவர் ‘கொடை பிடித்தான்’ என எழுதுகிறார். திருத்தம் பெற்றவர் அடுத்த முறை ‘குடைவள்ளல்’ என எழுதிவிடுகிறார். பின்னது அறியாமையன்று, கற்ற விதியை எல்லை மீறிச் செலுத்தியது. இரண்டையும் ஒரே பிழையாகச் சுழித்துவிடும் ஆசிரியர், மாணவர் எதனை முன்பே அறிந்திருக்கிறார் என்பதைக் காணத் தவறுகிறார்.