முகத்தைப் பார்த்து முடிச்சுப் போடாதீர்கள்

டை என்றாலே ஆபீஸ் கெடுபிடி என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களை விரட்டுவது டை அல்ல, வட்ட முகத்துக்கு இந்த முடிச்சு, நீள முகத்துக்கு அந்த முடிச்சு என்று படம் போடும் அழகுக் குறிப்புகள்தான். முகம் தீர்மானிக்க வேண்டியது காலரை மட்டுமே. வட்ட முகத்துக்கு நுனிகள் கீழ்நோக்கி நீளும் பாயின்ட் காலர். ஒடுங்கி நீண்ட முகத்துக்கு நுனிகள் பக்கவாட்டில் விரியும் ஸ்ப்ரெட் காலர். முகத்தின் வேலை அத்தோடு முடிந்தது. முடிச்சைத் தீர்மானிப்பது காலரின் இரண்டு நுனிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும், டைத் துணியின் தடிமனும்.

இந்தத் தடிமன் விஷயத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பருத்த, இருபக்கமும் சமமான முக்கோண முடிச்சுக்கு வின்ட்சர் என்று பெயர். ஆனால் வின்ட்சர் கோமகன், அதாவது 1936-இல் முடிதுறந்த எட்டாம் எட்வர்ட், அந்த முடிச்சைப் போட்டதே இல்லை. உள்துணி தடித்த டைகளைத் தனியாகத் தைக்கச் சொல்லி, சாதாரண ஃபோர்-இன்-ஹேண்ட் முடிச்சையே போட்டார். தடித்த உள்துணி பற்றி 1960-இல் வெளியான தன் புத்தகத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அகன்ற பட்டையைக் குறுகிய பட்டையின் மேல் குறுக்கே போட்டு, பின்பக்கமாகக் கொண்டுபோய் மீண்டும் முன்னால் ஒரு சுற்று சுற்றி, கழுத்து வளையத்தின் வழியாகக் கீழிருந்து மேலே எடுத்து, முன்சுற்றுக்குள் செருகி இறக்கினால் அதுதான் ஃபோர்-இன்-ஹேண்ட். முடிச்சின் பருமன் சுற்றுகளால் மட்டும் வருவதில்லை, துணியாலும் வருகிறது என்பதற்குக் கோமகனின் டைகளைவிட வேறு சான்று வேண்டாம்.

வட்ட முகக்காரர் ஒருவர் பாயின்ட் காலர் சட்டையில் தடித்த கம்பளி டை கட்டுகிறார் என்று வையுங்கள். முழு வின்ட்சர் போட்டால் காலர் நுனிகள் சட்டையை விட்டு மேலே எழும்பிவிடும். தவறு நடந்ததற்கு அதுவே அடையாளம். அதே டையில் ஃபோர்-இன்-ஹேண்ட் போட்டால் நுனிகள் படிந்து உட்காரும். மாறாக, மெல்லிய பட்டு டையைச் சிறு முடிச்சாக ஸ்ப்ரெட் காலரில் கட்டினால் முடிச்சின் இருபுறமும் கழுத்தைச் சுற்றிய பட்டை தெரியும். அங்கே அரை வின்ட்சர் பொருந்தும். பட்டன்-டவுன் காலரில் நுனிகளைப் பொத்தான் பிடித்திருப்பதால் அவை எழும்ப வழியில்லை. பெரிய முடிச்சு போட்டால் காலர் புடைத்து, அதன் இயல்பான வளைவு கெட்டுவிடும்.

ஃபோர்-இன்-ஹேண்ட் ஒருபக்கம் சாய்கிறதே, இன்டர்வியூவுக்குச் சரிப்படுமா என்பார்கள். தாராளமாகச் சரிப்படும். அந்தச் சாய்வில்தான் கை தெரிகிறது. அச்சில் வார்த்த சமச்சீர் வெறும் மேலோட்டமான நேர்த்தி. உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்: இறுக்குவதற்கு முன் முடிச்சுக்குக் கீழே ஆள்காட்டி விரலை அழுத்தி ஒரு குழி விழச் செய்யுங்கள், குழி கலையாமல் இறுக்குங்கள். பிறகு கண்ணாடியில் முகத்தை விட்டுவிட்டு, காலர் நுனிகளைப் பாருங்கள்.