போட்டோவில் வரும் டிராயிங்கும் நம் பட்டறை மரபும்

மலருக்கு டிராயிங் வாசிப்பைப் பற்றி எழுதச் சொல்லிச் சங்கத்துப் பெரியவர்கள் பணித்தார்கள். நம்மிடம் இரண்டு பள்ளிகள் உண்டு என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. ஐ.டி.ஐ.யில் டி-ஸ்கொயர் பிடித்து ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வளர்ந்தவர்கள் ஒரு சாரார். அமெரிக்க ஆர்டர்களைச் செய்து தேர்ட் ஆங்கிளில் கை பழகியவர்கள் மறு சாரார். நான் முதல் பள்ளிக்காரன். ஆனால் எங்கள் மாஸ்டர் எந்தக் கட்சியும் பேசமாட்டார். தாளைக் கையில் வாங்கியதும் அவர் கண் முதலில் போவது வலது கீழ் மூலைக்குத்தான். அங்கே இருக்கும் கூம்புக் குறியில் வட்டங்கள் கூம்பின் சிறிய முனைப் பக்கம் நின்றால் தேர்ட் ஆங்கிள், பெரிய முனைப் பக்கம் நின்றால் ஃபர்ஸ்ட் ஆங்கிள்.

இன்று டிராயிங் போட்டோவாகத்தான் வருகிறது. அதிலும் அந்த மூலைதான் முதலில் வெட்டுப்படுகிறது. 6205 பேரிங் உட்காரும் வார்ப்பு ஹவுசிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்தோற்றத்தில் கிரீஸ் நிப்பிளுக்கான புடைப்பு இடப்பக்கம் இருக்கிறது. முன்தோற்றத்துக்கு வலப்பக்கம் ஒரு பக்கத்தோற்றம் வரைந்திருக்கிறார்கள். கூம்புக் குறி போட்டோவில் இல்லை. மாஸ்டர் சொல்லித்தந்த வழி, அந்தப் பக்கத்தோற்றத்தில் புடைப்பைத் தேடுவது. அது முழுக்கோட்டில் தெரிந்தால் இடமிருந்து பார்த்த தோற்றம் வலப்பக்கம் வந்திருக்கிறது என்று பொருள். எனவே ஃபர்ஸ்ட் ஆங்கிள். விட்டுவிட்டு வரும் மறைகோட்டில் இருந்தால் வலமிருந்து பார்த்தது. எனவே தேர்ட் ஆங்கிள். இதைத் தீர்க்காமல் வேலையைத் தொடங்கினால் வலது இடது மாறிய ஹவுசிங்தான் கையில் நிற்கும்.

அடுத்து A-A வெட்டுத்தோற்றம். வெட்டுக்கோடு ஒரு ரிப்பின் நீளவாட்டில் போகும்போது அந்த ரிப்புக்கு ஹேட்சிங் போடுவதில்லை, அது மரபு. வெற்றாக இருப்பதைப் பார்த்து அங்கே குழி என்று பேட்டர்ன்காரருக்குச் சொல்லிவிடுவோர் உண்டு. போட்டோவில் இன்னொரு சிக்கலும் சேரும். மெல்லிய ஹேட்சிங் கோடுகள் படம் சுருங்கும்போது மங்கிவிடும், கெட்டியான இடமும் வெற்றாகவே தெரியும். பக்கத்துப் பகுதியில் ஹேட்சிங் தெளிவாக விழுந்திருந்து, இங்கு மட்டும் இல்லையென்றால் அது வேண்டுமென்றே விட்டது. பக்கத்திலும் மங்கல் என்றால் எதையும் முடிவு செய்யாமல் வேறு படம் கேட்க வேண்டும்.

அளவுகளில்தான் நஷ்டம் அதிகம். போட்டோவில் 3 என்பது 8 ஆகும், புள்ளி காணாமல் போகும். நம் ஹவுசிங்கின் துளை Ø52 H7. அதன் பக்கத்தில் மேல் எல்லை +0.080 என்று படத்தில் தெரிகிறது. 52-க்கு H7 என்றால் அட்டவணைப்படி 0-விலிருந்து +0.030 வரைதான். ஆக அது 8 அல்ல, 3. 52.08-க்குப் போர் அடித்தால் பேரிங்கின் வெளிவளையம் பிடிப்பில்லாமல் சுற்றத் தொடங்கும். எழுத்தையும் கவனிக்க வேண்டும்: பெரிய H துளைக்கு, சிறிய h ஷாஃப்டுக்கு. நீளவாட்டு அளவுகளுக்குக் கூட்டல் போதும். ஃபிளாஞ்ச் 10, நடு 20, கழுத்து 8, மொத்தம் 38 என்றிருந்தால் 8 என்பதை 6 என்று வாசித்தவருக்குக் கணக்கு இடிக்கும்.

ஃபிளாஞ்சின் நான்கு துளைகளுக்கு இட டாலரன்ஸ் சட்டம் இருக்கும். அதில் 0.2-க்கு முன் Ø தெரிந்தால், துளையின் மையம் சரியான இடத்திலிருந்து எந்தத் திசையிலும் 0.1 மி.மீ. வரை விலகலாம். Ø மங்கிப்போனால் அதையே ஒரே திசையில் ±0.1 என்று வாசித்து, மறு திசையைக் காவல் இல்லாமல் விட்டுவிடுவார்கள்.

யாரையும் குறைசொல்ல வரவில்லை. இன்றைய தம்பிகளின் கைவேகம் எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் மனம் கேட்கவில்லை. செல்போன் திரையில் ஸ்கேல் வைத்து அளவு எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. சாய்த்து எடுத்த போட்டோவில் கிட்ட இருக்கும் விளிம்பு பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும் என்பதைக்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதாத அளவைத் தாளிலேயே அளக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இன்று டைட்டில் பிளாக் இல்லை, ரிவிஷன் எண் இல்லை, பொது டாலரன்ஸ் குறிப்பு இல்லை, "ரேட் என்ன?" என்று கேள்வி மட்டும் வருகிறது, அன்று மாலையே பதிலும் போகிறது. பொது டாலரன்ஸ் ISO 2768-m என்றால் 38-க்கு ±0.3 உண்டு, அதுவே தெரியாமல் எந்த நேரத்தைக் கணக்கிட்டு விலை சொல்கிறார்கள்? வாடிக்கையாளர் தவறாக அனுப்புகிறார், நாம் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம், ரிஜெக்ட் ஆனால் ஆபரேட்டரைத் திட்டுகிறோம். எங்கள் மாஸ்டர் இதை அனுமதித்திருக்கமாட்டார்.

பெரியவர்கள் இசைந்தால் வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கலாம்: நான்கு மூலையும் தெரியாத டிராயிங் போட்டோவுக்கு உறுப்பினர் எவரும் விலை சொல்வதில்லை.