'காபூலிவாலா' சிறுகதையில் தன்மைக் கூற்றும் வாசகப் பரிவும்

தன்மைக் கூற்றில் அமைந்த சிறுகதையில், 'நான்' என்று பேசும் பாத்திரத்தின் மீதே வாசகரின் பரிவு படியும் என்பது பொதுவான கருத்து. இரவீந்திரநாத் தாகூர் 1892இல் வங்காளத்தில் எழுதிய 'காபூலிவாலா' இக்கருத்துக்கு எளிதில் அடங்குவதில்லை. கல்கத்தாவில் வாழும் எழுத்தாளர் ஒருவர், ஐந்து வயது மகள் மினியின் தந்தை, அக்கதையைச் சொல்கிறார். வாசகரின் நெஞ்சில் நிலைத்து நிற்பவனோ உலர்பழம் விற்க வரும் ஆப்கானியனாகிய ரஹ்மத். கதைசொல்லியிடம் தோன்ற வேண்டிய பரிவு மற்றொருவனிடம் சென்று சேர்வது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ரஹ்மத்தின் உள்ளத்துள் கதை எந்த இடத்திலும் நுழைவதில்லை. கதைசொல்லி காண்பதும் கேட்பதும் மட்டுமே வாசகருக்குக் கிட்டுகின்றன. அவர் காண்பதும் குறையுடையதாகவே உள்ளது. நகரை விட்டு அதிகம் வெளியேறாத அவருக்கு ரஹ்மத் முதலில் ஒரு மனிதனாக அன்றி, மலைகளையும் ஒட்டக வரிசைகளையும் கற்பனையில் எழுப்பும் ஓர் உருவமாகவே தோன்றுகிறான். காபூலிகள் பிள்ளை பிடிப்பவர்கள் என்று மனைவி அஞ்சுகிறாள். அவ்வச்சத்தை அவர் சிரித்து ஒதுக்குகிறார். எனவே வாசகர் ரஹ்மத்தை விரும்பத் தொடங்கினாலும், அது வேடிக்கை பார்ப்பவரின் விருப்பமாகவே நிற்கிறது.

தனக்குத் தர வேண்டிய கடனை இல்லையென மறுத்த ஒருவனைக் கத்தியால் குத்திய குற்றத்திற்காக ரஹ்மத் சிறை செல்கிறான். அதன்பின் பல ஆண்டுகள் சில வாக்கியங்களிலேயே கடந்துபோகின்றன. வீட்டார் அவனை மறந்துவிட்டதைக் கதைசொல்லி மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். கதையின் நுட்பமான இடம் இதுவே எனலாம். சிறைக்குள் நிகழ்வது எதையும் கதைசொல்லி அறியார். ஆகவே வாசகரும் அறியார். படர்க்கையில் கதை நிகழ்ந்திருப்பின் சிறை வாழ்வு குறித்து ஒரு பத்தியேனும் எழுதியிருக்கக்கூடும். வாசகரும் அவனுக்காகக் காத்திருந்திருப்பார். இங்கோ, கதைசொல்லியோடு சேர்ந்து வாசகரும் அவனை மறந்துவிடுகிறார்.

மினியின் திருமண நாளில் ரஹ்மத் திரும்பி வருகிறான். தோளில் பை இல்லை. நீண்ட முடியும் இல்லை. அவன் சிரித்த பின்னரே கதைசொல்லிக்கு அடையாளம் தெரிகிறது. அப்போதும் அவர் மனத்தில் எழுவது மகிழ்ச்சியன்று. நல்ல நாளில் கொலைகாரன் போன்ற ஒருவன் வந்து நிற்கிறானே என்ற கூச்சமே. வீட்டில் விசேடம் உள்ளது என்று கூறி அவனைத் திருப்பி அனுப்புகிறார். தன்மைக் கூற்றில் ஒருவர் தம் சிறுமையைத் தாமே சொல்லும்போது, அதனைச் சுட்டிக்காட்ட மூன்றாம் குரல் தேவைப்படுவதில்லை. வாசகரால் அவரை முழுதும் பழிக்கவும் இயலாது. மறந்தவர்களுள் தாமும் ஒருவர் அல்லவா?

வெளியேறியவன் தானே திரும்பி வந்து, மினிக்கென்று கொண்டுவந்த பழங்களைத் தருகிறான். விலை கொடுக்க முனைந்தபோது அதனை ஏற்க மறுத்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய தாளை எடுத்து விரிக்கிறான். அதில் உள்ளது ஓவியமன்று. கரி பூசிப் பதித்த ஒரு சிறு பெண்ணின் கைச்சுவடு. மினியைக் காண அவன் ஏன் வந்துகொண்டிருந்தான் என்பது அந்தத் தாளால்தான் முழுமையாக விளங்குகிறது. ஒரு புறப்பொருளைக் கண்டு அகத்தை ஊகிப்பதன்றிக் கதைசொல்லிக்கு வேறு வழியில்லை. அவ்வாறு ஊகித்தறிந்த துயரம் ஆசிரியர் விளக்கிய துயரத்தைவிட ஆழமாகத் தைக்கிறது.

இக்கதையை ஒட்டி 1961இல் வெளிவந்த இந்தித் திரைப்படத்தை ஒப்பிட்டால் இது தெளிவாகும். அப்படம் ஊரிலுள்ள மகளையும் தந்தையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் காட்டிவிடுகிறது. பார்ப்பவர் முதலிலிருந்தே அவன் பக்கம் நிற்கிறார். அந்தப் பரிவு உண்மையானதே. ஆயினும் தாம் தவறாகக் கருதியிருந்தோம் என்ற உறுத்தல் அதில் எழ இடமில்லை. கைச்சுவடும் முன்னரே அறிந்ததன் அடையாளமாக நின்றுவிடுகிறது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மணக்கோலத்தில் மினியைக் கண்ட ரஹ்மத், தன் மகளும் இவ்வாறே வளர்ந்திருப்பாள் என்று உணர்ந்து நிலைகுலைகிறான். கதைசொல்லி பணம் தந்து அவனை ஊருக்கு அனுப்புகிறார்; அதற்காகத் திருமண விளக்குகளிலும் வாத்தியத்திலும் சிலவற்றைக் குறைக்கிறார். இங்கு ரஹ்மத்தின் துயரம் கதைசொல்லியின் மனநிறைவாக மாறிவிடுகிறது. ஊர் திரும்பியவனை மகள் அறிந்துகொண்டாளா என்பது சொல்லப்படுவதில்லை. கதைசொல்லிக்கும் அது தெரிய வழியில்லை. மேலும், அச்செலவுக் குறைப்பில் மனம் வருந்திய வீட்டுப் பெண்டிர்க்குக் கதை ஒரு வாக்கியத்திற்கு மேல் இடம் தரவில்லை. அவர்களது அதிருப்தியைப் பதிவு செய்தவரும் அதே கதைசொல்லிதான். அதனை எடைபோட்டுப் பார்க்க அவர் நிற்கவில்லை.