ஆக்டர் முறை: பாதி விடைக்கு முழு மதிப்பெண்ணா?

"ஆக்டர் இருந்தா மோதலே வராது" என்று மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். இந்த விடை பாதிதான் சரி.

1973-இல் கார்ல் ஹியூவிட் குழுவினர் முன்வைத்த இம்முறையில், ஒவ்வோர் ஆக்டரும் தன் தரவைத் தானே வைத்திருக்கும். வெளியிலிருந்து அதைத் தொட முடியாது. செய்தி மட்டும் அனுப்பலாம். செய்திகளை அது ஒவ்வொன்றாகவே கையாளும். ஆக, ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றும் சிக்கல் இல்லை. இதுவரை சரி.

லாபிஸ் நிலையத்திலிருந்து புறப்படும் ரயிலில் ஓர் இடம்தான் மீதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முகப்புகள் இருக்கை ஆக்டரிடம் "எத்தனை இடம்?" என்று கேட்கின்றன. இரண்டுக்கும் "1" என்றே பதில். உடனே இரண்டும் "ஒன்றைக் குறை" என்கின்றன. மீதி -1 ஆகிறது. ஒரே இருக்கைக்கு இரண்டு டிக்கெட்! செய்திகள் வரிசையாகத்தான் போயின. ஆனால், ஒரு முகப்பின் கேள்விக்கும் கட்டளைக்கும் நடுவே மற்றதன் செய்தி புகுந்துவிட்டது.

"இடம் இருந்தால் ஒன்றைப் பதிவு செய்" என ஒரே செய்தியாக அனுப்பினால், சரிபார்ப்பதும் குறைப்பதும் ஆக்டருக்குள்ளேயே சேர்ந்து நடக்கும். முதலில் வந்ததற்கு "கிடைத்தது", அடுத்ததற்கு "இல்லை".

ஆசிரியர்களே, விடைத்தாளைத் திருத்தும்போது, முடிவெடுப்பது முகப்பா, ஆக்டரா என்று பாருங்க. மீதிப் பாதி மதிப்பெண் அங்கேதான் இருக்கு.